எரிகிற டியூப்லைட்டிலிருந்து ஸ்டார்ட்டரைக் கழற்றினால் என்ன ஆகும், தெரியுமா?

ஒன்றும் ஆகாது! லைட் அதுபாட்டுக்கு எரிந்துகொண்டே இருக்கும்!

பட்டியின் பக்கத்தில் கட்டைவிரல் தடிமனுக்கு வெள்ளையாகத் துருத்திக்கொண்டிருக்கிறதே, அந்தச் சின்ன பிளாஸ்டிக் டப்பாதான் ஸ்டார்ட்டர். கடிகாரம் சுற்றுவதற்கு எதிர்ப்பக்கமாக அதைக் கொஞ்சம் திருகினால் கையோடு வந்துவிடும். டப்பா உடையாமல் இருக்க வேண்டும், கை ஈரமில்லாமல் இருக்க வேண்டும், நிற்பது காய்ந்த மர ஸ்டூலாக இருக்க வேண்டும். இவ்வளவும் சரியாக இருந்தால், தலைக்கு மேலே எரிகிற லைட்டின் ஸ்டார்ட்டர் உங்கள் சட்டைப் பையில் இருக்கும், லைட்டும் எரிந்துகொண்டிருக்கும். சுவிட்சை ஒருமுறை அணைத்துப் போட்டால்தான் குட்டு வெளிப்படும். மறுபடி எரியாது.

இரவு முழுக்க எரிகிற டியூப்லைட்டில் ஸ்டார்ட்டர் உழைப்பது முதல் இரண்டு மூன்று நொடிதான். ஆனால் திருப்பூரில் எந்த பனியன் கம்பெனியில் லைட் மினுக்கினாலும் முதல் பழி அதன் தலையில்தான் விழும். "ஸ்டார்ட்டர் போயிருச்சுங்க, மாத்திருங்க" என்பார்கள். மாற்றியதும் சில சமயம் சரியாகிவிடும். சில சமயம் பத்து நாளில் மறுபடி மினுக்கும். அப்போது இன்னொரு ஸ்டார்ட்டர், பிறகு இன்னொன்று. குற்றவாளி வேறு யாரோ என்று யாருக்கும் தோன்றாது.

ஒரு ஜோக்கைக் கேட்டு மூன்று நொடி கழித்துச் சிரிப்பவரை 'டியூப்லைட்' என்கிறோம் அல்லவா? அந்த மூன்று நொடியில் உள்ளே என்னென்ன நடக்கிறது, தெரியுமா?

ஸ்டார்ட்டர் டப்பாவுக்குள் சுண்டுவிரல் நுனியளவு ஒரு கண்ணாடிக் குமிழ் இருக்கிறது. அதற்குள் கொஞ்சம் வாயு, இரண்டு கம்பிகள். ஒரு கம்பி வளைந்த தகடு. வெவ்வேறு அளவில் விரியும் இரண்டு உலோகங்களை ஒட்டிச் செய்த தகடு அது, சூடு பட்டால் வளையும். சுவிட்ச் போட்டதும் 230 வோல்ட்டும் இந்தக் குமிழின் மேல் வந்து நிற்கிறது. வாயு ஒளிர்கிறது. அந்தச் சூட்டில் தகடு வளைந்து எதிரே உள்ள கம்பியைத் தொடுகிறது. தொட்டவுடன் மின்சாரம் சோக் வழியாக, டியூபின் இந்த முனை இழை வழியாக, ஸ்டார்ட்டர் வழியாக, அந்த முனை இழை வழியாக ஓடத் தொடங்குகிறது. இரண்டு முனையும் செக்கச்செவேல் என்று பழுக்கின்றன. இதற்குள், கம்பிகள் தொட்டுக்கொண்டதால் குமிழில் ஒளி நின்று போய் தகடு ஆறுகிறது. ஆறியதும் நிமிர்ந்து விலகுகிறது.

விலகுகிற அந்தக் கணம்தான் அதிசயம்! ஓடிக்கொண்டிருந்த மின்சாரத்தைச் சட்டென்று அறுத்தால் சோக் பொறுத்துக்கொள்ளாது. தன் இரும்புக்குள் சேர்த்து வைத்த காந்த சக்தியை எல்லாம் ஒரே உதையில் வெளியே தள்ளும். சில நூறு வோல்ட்டில் தொடங்கி ஆயிரம் வோல்ட் வரைகூட எகிறும் உதை அது. நாலடி நீளக் குழாயில் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு மின்சாரம் பாய்ந்துவிடுகிறது. ஒருமுறை பாய்ந்துவிட்டால் அதற்குப் பிறகு சுமார் 100 வோல்ட்டே டியூபுக்குப் போதும். அந்த 100 வோல்ட்டில் ஸ்டார்ட்டரின் வாயு ஒளிராது. அதனால்தான் அது தூங்கிவிடுகிறது, அதனால்தான் கழற்றினாலும் லைட் அணைவதில்லை.

நல்ல டியூப்லைட்கூட ஏன் இரண்டு மூன்று தடவை கண் சிமிட்டிவிட்டு எரிகிறது? நம் மின்சாரம் நொடிக்கு 100 முறை சுழியைத் தொட்டுத் திரும்புகிறது. தகடு விலகும் நேரம் மின்சாரம் உச்சத்தில் இருந்தால் உதை பலமாக விழும். சுழிக்குப் பக்கத்தில் இருந்தால் உதையே இருக்காது, முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். முதல் உதையிலேயே எரிவது உண்மையில் அதிர்ஷ்டம்!

இதையெல்லாம் நான் புத்தகத்தில் படித்ததைவிட எங்கள் வீட்டுக்குப் பின்சந்தில் இருக்கும் பவர் டேபிளில் பார்த்ததே அதிகம். பன்னிரண்டு மெஷின். மேலே இரண்டு வரிசையாகப் பட்டிகள், எல்லாம் பழைய சோக், ஸ்டார்ட்டர் வகை. ஜன்னல் பக்க வரிசையில் ஓவர்லாக் அடிக்கும் ஓர் அக்காவின் தலைக்கு மேலே இருந்த லைட் மட்டும் ஒரு கார்த்திகை மாதம் பாடாய்ப் படுத்தியது. ஒரே மாதத்தில் மூன்று ஸ்டார்ட்டர் மாற்றினார்கள். நாலாவது தடவை வயர்மேன் அண்ணனைக் கூப்பிட்டார்கள்.

அவர் வந்ததும் ஏணியில் ஏறவில்லை. கீழேயே நின்று அண்ணாந்து பார்த்தார். பிறகு, எங்கே பார்க்க வேண்டும் என்று எனக்கும் காட்டிக் கொடுத்தார்.

டியூபின் நடுப்பகுதி இருட்டாக, இரண்டு முனையும் மட்டும் விடாமல் ஆரஞ்சாக எரிந்துகொண்டிருந்தால் அது ஸ்டார்ட்டர் ஒட்டிக்கொண்டதற்கு அடையாளம். தொட்ட தகடு விலக மாட்டேன் என்கிறது. அல்லது குமிழுக்குப் பக்கத்தில் ரேடியோ கரகரப்பை அடக்க வைத்திருக்கும் குட்டிக் கெப்பாசிட்டர் உள்ளுக்குள்ளேயே ஷார்ட் ஆகிவிட்டது. எதுவானாலும் இழைகள் பழுத்துக்கொண்டே இருக்கின்றன, உதை மட்டும் வருவதே இல்லை. இதை நிரூபிக்க என்ன செய்ய வேண்டும், தெரியுமா? அந்த ஸ்டார்ட்டரை அப்படியே உருவ வேண்டும். உருவும் கணத்தில் லைட் பளீரென்று எரியும்! தகடு செய்ய வேண்டிய வேலையை உங்கள் விரல் செய்துவிட்டது. எரிந்தால் டியூப் நன்றாக இருக்கிறது, சோக் நன்றாக இருக்கிறது, கெட்டது ஸ்டார்ட்டர் ஒன்றுதான். ஒரு டீ விலைக்கு வேலை முடிந்தது.

ஆனால் முனைகள் பழுத்தபடியே ஓர் இரவு முழுக்க விட்டால் கதை மாறிவிடும். எரியும் டியூபில் ஓடுவதைவிட அதிக மின்சாரம் அந்த இழைகள் வழியாக ஓடிக்கொண்டே இருக்கும். காலையில் வந்து பார்த்தால் டியூபின் ஆயுளில் பெரும்பகுதி போயிருக்கும், சோக் கைவைக்க முடியாமல் கொதிக்கும். டீ விலை ஸ்டார்ட்டர் மற்ற இரண்டையும் இழுத்துக்கொண்டு போவது இப்படித்தான். ஷிப்ட் முடிந்து கிளம்பும்போது அப்படி ஒரு லைட் கண்ணில் பட்டால், மாற்ற நேரமில்லாவிட்டாலும் ஸ்டார்ட்டரை உருவி மெஷின் மேல் வைத்துவிட்டாவது போங்கள்.

அக்காவின் லைட்டில் முனைகள் நிலையாகப் பழுக்கவில்லை. எரிந்து அணைந்து, எரிந்து அணைந்து, முழு டியூபும் வெட்டிக்கொண்டிருந்தது. ஸ்டார்ட்டர் கெட்டாலும் இப்படி வெட்டும், டியூப் கிழடு தட்டினாலும் இப்படியே வெட்டும். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். பிரித்துச் சொல்வது எப்படி?

அண்ணன் பக்கத்துப் பட்டியில் நன்றாக எரிந்துகொண்டிருந்த லைட்டின் ஸ்டார்ட்டரை உருவினார். அது எரிந்துகொண்டே இருந்தது! வேலை நிற்கவில்லை, அதன் கீழே இருந்தவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. பிறகு அக்காவின் லைட்டுக்கான சுவிட்சை அணைக்கச் சொல்லி, அந்த நல்ல ஸ்டார்ட்டரை அங்கே மாட்டி மறுபடி போடச் சொன்னார். கடைக்கு ஆள் அனுப்பவே வேண்டாம். எரிகிற ஒவ்வொரு டியூப்லைட்டும் சோதித்துப் பார்த்த ஒரு ஸ்டார்ட்டரை நமக்காக வைத்துக்கொண்டிருக்கிறது! பட்டறையில் நான் கற்ற வித்தைகளில் இதைப்போல் மனசுக்குப் பிடித்தது வேறில்லை.

நல்ல ஸ்டார்ட்டர் போட்டும் அக்காவின் லைட் வெட்டிக்கொண்டே இருந்தது. ஆக ஸ்டார்ட்டர் நிரபராதி. சுவிட்சை அணைத்து, இரண்டு ஸ்டார்ட்டரையும் அதனதன் பட்டியிலேயே திரும்ப மாட்டி, டியூபைக் கால் சுற்று திருப்பிக் கழற்றி, அதையும் பக்கத்து டியூபையும் இடம் மாற்றி மாட்டினார். வெட்டும் சேர்ந்தே இடம் மாறியது. பக்கத்துப் பட்டிக்குப் போன டியூப் அங்கேயும் வெட்டியது, அக்காவின் பட்டியில் வந்த டியூப் நிம்மதியாக எரிந்தது. டியூப்தான்!

"இதைப் பாருங்க தம்பி" என்று அண்ணன் அந்த டியூபைக் கீழே கொண்டு வந்து காட்டினார். ஒரு முனையில் இரண்டு விரல் அகலத்துக்குக் கண்மை தீட்டியதுபோல் கறுப்பு. மறுமுனையில் லேசான சாம்பல் நிறம் மட்டும். அந்தக் கறுப்பு எங்கிருந்து வந்தது, தெரியுமா? இழையின் மேல் பேரியம் கலந்த ஒரு வெள்ளைப் பூச்சு பூசியிருப்பார்கள். எலக்ட்ரானை எளிதாக வெளியே விடுவது அந்தப் பூச்சுதான். ஒவ்வொரு தடவை லைட்டைப் போடும்போதும் அதில் ஒரு துளி தெறித்துக் கண்ணாடியில் அப்புகிறது. கறுப்பு ஏற ஏற உள்ளே பூச்சு தீர்ந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். அதனால் இரவெல்லாம் எரியும் டியூபைவிட, நாளைக்கு இருபது தடவை போட்டு அணைக்கும் டியூப் சீக்கிரம் கறுக்கிறது. ஸ்டார்ட்டர் கெட்டு ஒரு நாள் முழுக்க வெட்டிக்கொண்டே இருந்த டியூபோ, பல நூறு தடவை போட்டு அணைத்ததற்குச் சமம்.

பூச்சு தீர்ந்த டியூப் எரிவதற்கு அதிக வோல்ட் கேட்கும். எரியும்போதே அதன் வோல்ட் ஏறிப்போவதால் தூங்க வேண்டிய ஸ்டார்ட்டரை அது எழுப்பிவிடுகிறது. ஸ்டார்ட்டர் மறுபடி ஒளிர்ந்து, மறுபடி தொட்டு, எரிகிற டியூபையே அணைத்து, மறுபடி உதைக்கிறது. நிமிஷத்துக்கு முப்பது நாற்பது தடவை தொட்டுத் தொட்டு விலகும் தகடு கடைசியில் ஒட்டிக்கொள்கிறது. அக்காவின் பட்டியில் மூன்று ஸ்டார்ட்டர் செத்தது இதனால்தான். மூன்றையும் கொன்றது டியூப்!

ஒரு முனை மட்டும் தீர்ந்த டியூபுக்கு இன்னோர் அடையாளமும் உண்டு. மின்சாரம் ஒரு திசையில் நன்றாக ஓடும், திரும்பும் திசையில் திணறும். நொடிக்கு 100 முறை துடிக்க வேண்டிய ஒளி 50 முறை பெரிதாகத் துடிக்கத் தொடங்கும். 100 துடிப்பை நம் கண் பிடிக்காது. 50 ஆகிவிட்டால் பிடித்துவிடும், அதுவும் கடைக்கண் நேர்ப்பார்வையைவிடச் சீக்கிரம் பிடிக்கும். அதனால் டியூபையே உற்றுப் பார்க்காமல், அதற்குப் பக்கத்துச் சுவரைப் பார்த்துக்கொண்டு லைட்டைக் கடைக்கண்ணில் வைத்துக்கொள்ளுங்கள். சுவரோரம் நடுங்குவதுபோல் இருந்தால் டியூபின் முனையைச் சோதிக்க வேண்டிய நேரம் வந்துவிட்டது. புத்தம்புது டியூபில் பாம்பு நெளிவதுபோல் ஒளி சுழல்வது இதோடு சேர்ந்ததல்ல. சில மணி நேரம் எரிந்தால் அது பெரும்பாலும் தானாக அடங்கிவிடும்.

அக்காவுக்குப் புது டியூப் வந்தது, அந்தப் பழைய ஸ்டார்ட்டரே போதுமானதாக இருந்தது. கதை இத்தோடு முடிந்திருந்தால் நான் இதை எழுதியே இருக்க மாட்டேன். நாலு வாரத்தில் அந்தப் புது டியூபின் இரண்டு முனையும் கறுத்துவிட்டன!

இப்போதுதான் சோக்கின் பக்கம் வருகிறோம். சோக் ஏன் 'ங்ங்ம்' என்று ரீங்காரம் போடுகிறது, தெரியுமா? உள்ளே இரும்புத் தகடுகளை அடுக்கி அதன்மேல் எனாமல் பூசிய செப்புக் கம்பியைச் சுற்றியிருக்கிறார்கள். இரும்பைக் காந்தமாக்கினால் அதன் நீளம் மாறுகிறது! 1842-லேயே ஜேம்ஸ் ஜூல் என்ற இங்கிலாந்து விஞ்ஞானி கண்டு சொன்னது இது. பத்து லட்சத்தில் சில பங்கு அளவுக்குத்தான் மாறும், ஆனால் நொடிக்கு 100 முறை மாறும். நம் தலைக்கு மேலே இரும்பு மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறது, அந்த மூச்சுச் சத்தத்தைத்தான் நாம் இரவில் கேட்கிறோம்!

அதனால் லேசான ரீங்காரம் நோயல்ல. எல்லாச் சோக்கும் பாடும். திடீரென்று சத்தம் கூடினால் முதலில் சோக்கைச் சந்தேகிக்க வேண்டாம், பட்டியைத் தட்டிப் பாருங்கள். சோக்கைப் பிடித்திருக்கும் திருகு தளர்ந்திருந்தால் பட்டியின் தகரம் மொத்தமும் தம்பட்டம்போல் கூடவே அதிரும். விரலால் பட்டியை அழுத்தியதும் சத்தம் அடங்கினால் கோளாறு திருகில்தான், முறுக்கினால் போதும். அழுத்தியும் அடங்காமல், சோக்கின் உடம்பிலிருந்தே கரகரப்பாக வந்தால் உள்ளே தகடுகளைப் பிடித்திருந்த வார்னிஷ் காய்ந்து உதிர்ந்துவிட்டது. அப்போதும் லைட் நன்றாக எரியலாம். காது பொறுத்தால் வைத்துக்கொள்ளலாம்.

சோக்கின் உண்மையான ஆபத்து சத்தமே போடாது. சூட்டில் எனாமல் கருகி, பக்கத்துப் பக்கத்துச் சுற்றுகள் ஒன்றையொன்று தொட்டுவிடும். ஆயிரக்கணக்கான சுற்றில் கொஞ்சம் குறைந்தால் என்ன என்று தோன்றும். ஆனால் எரியத் தொடங்கிய டியூபுக்குக் கடிவாளமே சோக்தான். டியூபுக்குள் ஓடும் மின்சாரம் தானாக அடங்காது, விட்டால் ஏறிக்கொண்டே போய்த் தன்னைத்தானே எரித்துக்கொள்ளும். சுற்று குறைந்த சோக் தளர்ந்த கடிவாளம். லைட் மினுக்காது, மாறாக வழக்கத்தைவிடப் பிரகாசமாக எரியும்! "புது டியூப் நல்லா வெளிச்சமா இருக்குதுங்க" என்று அக்காகூட சந்தோஷப்பட்டிருந்தார். அந்தக் கூடுதல் வெளிச்சத்தில்தான் முனைகள் நாலே வாரத்தில் கறுத்தன.

நாலடி டியூபில் 36 வாட் மெலிந்ததானாலும் 40 வாட் தடித்த பழையதானாலும் எரியும்போது ஓட வேண்டிய மின்சாரம் சுமார் 0.43 ஆம்பியர். அண்ணன் கையில் இருந்த கிளாம்ப் மீட்டர் அவ்வளவு சின்ன அளவைத் துல்லியமாகக் காட்டாது. அவர் என்ன செய்தார், தெரியுமா? மெயினை அணைத்து, சோக்குக்குப் போகும் வயரில் கொஞ்சம் நீள வயர் சேர்த்து, மீட்டரின் தாடைக்குள் பத்துச் சுற்று சுற்றினார். சுற்றுக்குச் சுற்று காந்தம் கூடுவதால் மீட்டர் பத்து மடங்காகக் காட்டும்! பக்கத்துப் பட்டியில் 4.3-ஐ ஒட்டி நின்ற எண், அக்காவின் பட்டியில் 6-ஐத் தாண்டியது. அதாவது 0.6 ஆம்பியருக்கு மேல். ஏறக்குறைய ஒன்றரை மடங்கு!

மீட்டர் இல்லாதவர்கள் சீரியல் லேம்ப் வைத்துப் பார்க்கலாம். சோக்கைத் தனியாகக் கழற்றி, 100 வாட் குண்டு பல்பு ஒன்றோடு வரிசையாக இணைத்து மின்சாரம் கொடுத்தால் பல்பு நன்றாகத் தெரியும்படி மங்கி எரிய வேண்டும். பல்பு எரியவே இல்லை என்றால் உள்ளே கம்பி அறுந்துவிட்டது. முழு வெளிச்சத்தில் எரிந்தால் சோக் ஷார்ட். சுற்று பாதி குறைந்த சோக் இரண்டுக்கும் நடுவில் நிற்கும். அப்போது கண்ணை மட்டும் நம்பாமல் பக்கத்தில் ஒரு நல்ல சோக்கையும் மாட்டி ஒப்பிட வேண்டும். மூக்கும் உதவும். வார்னிஷ் கருகும் காரமான வாடையும், பட்டியின் ஓரத்தில் வழிந்து காய்ந்த தார்போன்ற கறுப்புச் சொட்டும் இருந்தால் சோதனையே தேவையில்லை.

அண்ணன் பட்டியின் மூடியைக் கழற்றியபோது சோக்கின் மேல் ஒரு விரல் கனத்துக்குப் பஞ்சு படிந்திருந்தது. துணி வெட்டி, தைத்து, பிசிறு தட்டும் கூடத்தில் காற்றெல்லாம் பஞ்சு. நாற்பது வாட் டியூபுக்கு உழைக்கும் பழைய சோக் பத்துப் பன்னிரண்டு வாட்டைச் சூடாகவே வெளியே விடுகிறது. அதன்மேல் பருத்திப் போர்வை போர்த்தினால் சூடு எங்கே போகும்? எனாமல் கருகியதற்குக் காரணம் அந்தப் போர்வைதான். சுற்று குறைந்த சோக், கொதிக்கும் இரும்பு, மேலே காய்ந்த பஞ்சு, கீழே கட்டுக் கட்டாகத் துணி. எனக்கு உடம்பு சில்லிட்டது. அன்றைக்கு எல்லாப் பட்டிகளின் மூடியையும் கழற்றித் தூரிகையால் துடைத்துவிட்டுத்தான் அவர் கிளம்பினார். ஆறு மாதத்துக்கு ஒருமுறை இதைச் செய்யும் கம்பெனியில் சோக் வருடக்கணக்கில் உழைக்கிறது.

ஆக அந்தப் பட்டியில் முதல் குற்றவாளி சோக். அது டியூபைக் கொன்றது, டியூப் மூன்று ஸ்டார்ட்டரைக் கொன்றது. நாம் மாற்றிக்கொண்டே இருந்ததோ கடைசியில் செத்ததை!

ஓர் எச்சரிக்கை. சுவிட்சை அணைத்த பிறகும் டியூப் இருட்டில் மெல்லப் புகைபோல் மினுங்கினால் எதையும் தொடாதீர்கள். பேஸ் வயரில் இருக்க வேண்டிய சுவிட்ச் நியூட்ரலில் இருக்கலாம், அப்படியானால் அணைத்த பட்டியிலும் மின்சாரம் நிற்கிறது. மெயினை இறக்கிவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். கழற்றிய டியூபைக் கட்டிங் வேஸ்ட் மூட்டைக்குள் போடவும் வேண்டாம். உள்ளே சில மில்லிகிராம் பாதரசம் இருக்கிறது, அந்த மூட்டையைக் கையால் கிளறித் தரம் பிரிப்பவர்கள் இருக்கிறார்கள்.

ஓவர்லாக் மெஷினுக்கும் டியூப்லைட்டுக்கும் உள்ள உறவு இதுவரை சொன்னதைவிட ஆச்சரியம். வேகமான ஓவர்லாக் நிமிஷத்துக்கு 6000 தையல் போடும். ஒரு சுற்றுக்கு ஒரு தையல், அதாவது நொடிக்கு 100 சுற்று. டியூப்லைட் நொடிக்கு எத்தனை முறை மங்கி எழுகிறது? அதே 100! மெஷின் அந்த வேகத்தைத் தொடும்போது, ஒவ்வொரு தடவை ஒளி எழும்போதும் சக்கரம் அதே இடத்தில் நிற்கிறது. சக்கரத்தில் ஒரு சாக்பீஸ் கோடு போட்டுப் பார்த்தால் சுழல்கிற கோடு ஒரு கணம் நின்றதுபோல் தெரியும், வேகம் கொஞ்சம் குறைந்தால் பின்னோக்கி நகரும்! டியூபின் உள்பூச்சு ஒளியை ஒரு கணம் பிடித்து வைத்திருப்பதால் முழுமையாக ஏமாற்றாது, ஆனாலும் நிற்கிறது என்று நினைத்து விரலை வைத்துவிடக் கூடாது. விஷயம் தெரிந்த வயர்மேன்கள் அடுத்தடுத்த பட்டிகளை மூன்று வெவ்வேறு பேஸ்களில் இணைப்பது இதற்காகத்தான். ஒன்று மங்கும்போது பக்கத்தில் இருப்பது எழுந்திருக்கும், கீழே வெளிச்சம் அறுபடாது.

இப்போது கூடங்களில் எல்.இ.டி. வந்துவிட்டது, எலக்ட்ரானிக் சோக்கும் வந்துவிட்டது. இரண்டிலும் இந்த ஸ்டார்ட்டர் கதையே கிடையாது. அப்படியானால் திருப்பூரில் டியூப்லைட் முடிந்துபோன கதையா? இல்லை! பல ஏற்றுமதிக் கம்பெனிகளில் சாம்பல் பெயின்ட் அடித்த ஒரு பெட்டிக்குள் அது இன்னும் எரிகிறது. நிறம் பார்க்கும் லைட் பாக்ஸ் அது. பகலொளிக்கு டி65 என்று ஒரு டியூப், ஐரோப்பியக் கடைகளின் வெளிச்சத்துக்கு டி.எல்.84 என்று ஒரு டியூப். 8 என்பது நிறங்களைக் காட்டும் தரம், 4 என்பது 4000 கெல்வின் வெண்மை. டி.எல்.84 நீலம், பச்சை, சிவப்பு என்று மூன்று குறுகிய கற்றைகளாகத்தான் ஒளி வீசும். அதனால் வெயிலில் ஒரே நிறமாகத் தெரிந்த காலரும் உடம்பும் அதன் கீழே இரண்டாகப் பிரிந்துவிடும்! சாயக் கலவை வேறுபட்டிருந்தால் அந்த வெளிச்சம் காட்டிக்கொடுத்துவிடும். ஐரோப்பிய ஒன்றியம் 2023 ஆகஸ்டில் சாதாரண நாலடி டியூப்களை விற்பனையிலிருந்து நிறுத்தத் தொடங்கியது. அதே ஆண்டு, பாதரசம் குறித்த மினமாட்டா உடன்பாட்டில் உலக நாடுகள் 2027-க்குள் டியூப் விளக்கு உற்பத்தியை முடித்துக்கொள்ள முடிவு செய்தன. ஆனால் நேற்றுவரை இந்த வெளிச்சத்தில் பழகிய நிற அளவுகோல் ஒரே நாளில் மாறாது.

அப்படி ஒரு பெட்டியில்தான் நான் கடைசி அதிசயத்தைப் பார்த்தேன். தெரிந்த மெர்ச்சண்டைசர் தம்பி ஒருவர் அவசரமாகக் கூப்பிட்டார். லைட் பாக்ஸில் டி.எல்.84 சுத்தமாக எரியவில்லை, மினுக்கல்கூட இல்லை. அதே நாளில் செக்கிங் டேபிள் மேலே நாலடி லைட் விடாமல் வெட்டுகிறது. இரண்டுமே காலையில் ஸ்டார்ட்டர் மாற்றியவை.

"ரெண்டுத்துக்கும் புது ஸ்டார்ட்டர்தானுங்கண்ணா போட்டோம்" என்றார்.

ஸ்டார்ட்டர்களைக் கழற்றி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். எல்லா ஸ்டார்ட்டரும் ஒன்றல்ல, தெரியுமா? உடம்பில் எஸ்10 என்று போட்டிருந்தால் அது ஒரு சோக்குக்கு ஒரு டியூப் என்று இருக்கும் இடத்துக்கு. எஸ்2 என்று போட்டிருந்தால் ஒரே சோக்கில் இரண்டு இரண்டடி டியூப்களை வரிசையாக எரிக்கும் இடத்துக்கு. லைட் பாக்ஸ் இரண்டாவது வகை. வரிசையில் ஒவ்வொரு ஸ்டார்ட்டருக்கும் வோல்ட்டில் பாதிதான் கிடைக்கும், எஸ்2 அந்தப் பாதியிலேயே ஒளிரும்படி செய்யப்பட்டது. அங்கே இரண்டு எஸ்10 மாட்டியிருந்தார்கள். பாதி வோல்ட்டில் அவை கண் திறக்கவே இல்லை, அதனால் பெட்டி இருட்டு. அங்கிருந்து கழற்றிய எஸ்2-வில் ஒன்று செக்கிங் லைட்டுக்குப் போயிருந்தது. நாலடி டியூப் எரியும்போது அதன் மேல் இருக்கும் 100 வோல்ட்டுக்கே அது விழித்துக்கொண்டு, எரிகிற லைட்டை அணைத்து அணைத்து உதைத்துக்கொண்டிருந்தது. ஒரு பொருளும் கெடவில்லை. இடம்தான் மாறியிருந்தது!

மாற்றி மாட்டினோம். செக்கிங் லைட் இரண்டு சிமிட்டலில் நின்றது. லைட் பாக்ஸில் இரண்டு டியூபும் எரிந்தன. நிறம் நிலைக்கச் சில நிமிஷம் காத்திருந்தோம், பிறகு தம்பி நேவி ப்ளூ போலோ டி-ஷர்ட் ஒன்றை உள்ளே விரித்தார். வாசலில் பார்த்தபோது காலரும் உடம்பும் ஒரே நீலம். டி.எல்.84-இன் கீழே காலரில் மட்டும் மெல்லிய செம்மை ஓடியது. அவர் ஒன்றும் பேசாமல் போனை எடுத்து டையிங்குக்கு அடித்தார்.